ஆறு குழு, குழுவுக்கு ஆறு எலி: நெறிக்குழு அதில் எதைப் பார்க்கிறது?

கேள்வி: “எம்.பார்ம் இறுதியாண்டு படிக்கிறேன். ஆவாரம்பூ சாறு சர்க்கரையைக் குறைக்கிறதா என்று, சர்க்கரை நோய் வரவைக்கும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்த எலிகளில் பார்க்க, 36 எலி கேட்டு எங்கள் கல்லூரியின் விலங்கு நெறிக்குழுவான ஐ.ஏ.இ.சி.யில் விண்ணப்பித்தேன். ‘மூன்று ஆர் விளக்கம் போதாது’ என்று திருப்பிவிட்டார்கள். சீனியர்கள் எல்லோரும் இதே டிசைனில்தான் செய்தார்கள். இதெல்லாம் சடங்கா, இல்லை உண்மையிலேயே எதையாவது பார்க்கிறார்களா? என்ன எழுதினால் ஒப்புக்கொள்வார்கள்?”

சடங்காக நடத்தும் குழுக்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கிறார்கள் என்றால் யாரோ ஒருவர் அதை முழுதாகப் படித்திருக்கிறார், அது நல்ல செய்திதான். நான் கால்நடை மருத்துவர். ஆய்வக விலங்குக் கூடத்தில் பல வருடம் பொறுப்பில் இருந்திருக்கிறேன், வெவ்வேறு கல்லூரிக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். புள்ளியியல் என் துறை அல்ல. அதனால் கணக்குப் பகுதியில் நான் சொல்வதை உங்கள் ஊர் புள்ளியியல் ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் விண்ணப்பப் படிவமான ஃபார்ம் பி-யின் கடைசியில் ஒரு பத்தி இருக்கும்: “மாற்று வழி இல்லாததால் விலங்குகளைப் பயன்படுத்துகிறோம், குறைந்த எண்ணிக்கையே கேட்டிருக்கிறோம், வலி ஏற்படாமல் பார்த்துக்கொள்வோம்.” எந்த ஆய்வுக்கும் பொருந்தும் பத்தி அது. ஆகவே எந்த ஆய்வைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. குழு அந்தப் பத்தியைத் தேடுவதில்லை. ஏன் எலி, ஏன் 36, எந்த ஊசி, எத்தனை சொட்டு ரத்தம், எப்போது நிறுத்துவீர்கள் என்று படிவத்தின் மற்ற கட்டங்களில் நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று ஆர்களும் தெரிகின்றனவா என்றுதான் பார்க்கும்.

மாற்று, குறைப்பு, செம்மை என்ற, ஆங்கிலத்தில் ஆர் எழுத்தில் தொடங்கும் இந்த மூன்றையும் 1959-இல் வில்லியம் ரஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அடுத்த வருடமே நம் நாட்டில் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், அந்தப் பெயர்களைச் சொல்லாமல், ஏறக்குறைய அதையே சொல்கிறது. தவிர்க்க முடிந்த இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும், சிறிய விலங்கில் முடியும் என்றால் பெரிய விலங்கை எடுக்கக் கூடாது, கைப்பழக்கத்துக்காக மட்டும் செய்யக் கூடாது என்று அதன் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. (அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர், மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்த கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. நடனத்துக்காக அவரைத் தெரிந்தவர்களில் பலருக்கு இது தெரியாது.) சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று நாம் சொல்லிப் பழகியதும், இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று பெயர் மாறியிருப்பதுமான, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்ததுதான். உங்கள் கல்லூரிக் குழு அதன் உள்ளூர்க் கிளை மாதிரி. உங்கள் ஆசிரியர்களோடு கால்நடை மருத்துவர், வெளி நிறுவன விஞ்ஞானி, விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறை உள்ளவர், மத்தியக் குழுவின் பிரதிநிதி என்று எட்டுப் பேர் இருப்பார்கள். அந்தப் பிரதிநிதி இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது. எலி, சுண்டெலி, முயல் போன்ற சிறிய விலங்குகளுக்கு இவர்களே அனுமதி தரலாம். நாய், குரங்கு என்றால் விண்ணப்பம் டெல்லிக்குப் போகும்.

சரி, உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம். நீங்கள் டிசைனை முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் ஆறு குழு என்றால் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: சாதாரண எலிகள், சர்க்கரை வரவைத்துச் சிகிச்சை தராதவை, வழக்கமான சர்க்கரை மருந்தான கிளிபென்கிளமைடு கொடுத்தவை, சாறு குறைந்த அளவு, சாறு கூடிய அளவு, சர்க்கரை இல்லாமல் சாறு மட்டும் கொடுத்தவை. 28 நாள் ஓட்டம். அதை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

குழுவில் முதலில் வரும் கேள்வி எலியைப் பற்றியதே அல்ல. “இதை ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா?” என்பார்கள். ஆவாரம்பூ விஷயத்தில் பதில், நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 2002-லேயே, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்த எலிகளில் ஆவாரம்பூச் சாறு சர்க்கரையைக் குறைத்ததாகக் கட்டுரை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருக்கிறது. அதே பூ, அதே எலி, அதே மருந்து என்றால் உங்கள் 36 எலிகளும் தெரிந்த ஒன்றை மறுபடி தெரிந்துகொள்ளத்தான் சாகும். எலி இல்லாமல் செய்வது மட்டுமல்ல, செய்யவே தேவையில்லாததைச் செய்யாமல் இருப்பதும் ‘மாற்று’ என்ற முதல் ஆரில்தான் சேரும். மறுபடி செய்யவே கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பழைய முடிவைச் சந்தேகிக்க வேறு காரணம் இருக்கிறதா, வேறு கரைப்பானில் பிரித்த பகுதியா, மெட்ஃபார்மினோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறீர்களா? அப்படி ஒரு புதுக் கேள்வி இருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைப் போட்டு, எந்தத் தேதி வரை தேடினீர்கள் என்றும் எழுதுங்கள். “இத்தகைய ஆய்வு இதுவரை செய்யப்படவில்லை” என்ற வாக்கியத்தைக் கூட்டத்தில் ஒருவர் கைப்பேசியிலேயே அரை நிமிடத்தில் பொய்யாக்கிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி மாடலைப் பற்றி, அதாவது எலிக்கு நோயை வரவைக்கும் முறையைப் பற்றி. இதில்தான் உங்கள் வகை விண்ணப்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கணையத்தின் பீட்டா செல்களைக் கொன்றுவிடுகிறது. ஒரே ஊசியில் கூடிய அளவு போட்டால் எலிக்கு வருவது இன்சுலின் சுரக்காத சர்க்கரை, அதாவது மனிதர்களின் முதல் வகைக்கு நெருக்கமானது. ஆனால் உங்கள் முன்னுரையில் நாற்பது வயதுக்கு மேல் தொப்பையோடு வரும் இரண்டாம் வகையைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை. கொழுப்பு அதிகமான தீனியை இரண்டு வாரம் கொடுத்து இன்சுலினுக்கு உடல் மந்தமான பிறகு, குறைந்த அளவு ஸ்ட்ரெப்டோசோட்டோசின், கிலோவுக்கு 35 மில்லிகிராம், போடும் முறையை மொஹாலியில் உள்ள நைப்பர் மருந்தியல் நிறுவன ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்டார்கள். உங்கள் கேள்விக்கு அது நெருக்கம். அதுவும் மனிதனின் நோய் ஆகிவிடாது. எலியில் சர்க்கரை குறைந்தால் மனிதனிலும் குறையுமா என்பது எந்த மாடலிலும் திறந்த கேள்விதான், அதைக் குழு உங்களிடம் நிரூபிக்கச் சொல்லாது. கேள்விக்கும் மாடலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும். பொருத்தமில்லாத மாடலில் எலி எண்ணிக்கையை எவ்வளவு குறைத்தாலும் அது குறைப்பு ஆகாது, அத்தனையும் வீண்.

எலியே இல்லாமல் இதைச் செய்ய முடியாதா? முழுதாக முடியாது. குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைக் கடந்து, பல உறுப்புகளும் சேர்ந்து சர்க்கரையை நிர்வகிப்பதை ஒரு தட்டில் வளரும் செல்களில் பார்க்க வழியில்லை. ஆனால் வடிகட்ட முடியும். மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைச் சாறு தடுக்கிறதா, எல்6 தசைச் செல்கள் குளுக்கோஸைக் கூடுதலாக இழுக்கின்றனவா என்று முதலில் பார்த்தால், நான்கு சாறுகளில் மூன்று அங்கேயே கழன்றுவிடும், ஒன்றுக்குத்தான் எலி தேவைப்படும். இந்தச் சோதனைகளைச் செய்து, அந்த முடிவுகளை விண்ணப்பத்தோடு இணைத்தவர்களுக்கு முதல் ஆர் பற்றிக் குழு மேற்கொண்டு கேள்வி கேட்பது குறைவு. செல் வளர்ப்பில் ஊற்றும் கன்றுக்கரு சீரமும் ஒரு விலங்கிலிருந்துதான் வருகிறது என்று யாராவது கேட்டால் திகைக்காதீர்கள், நியாயமான கேள்விதான். ஜீப்ராஃபிஷ் எடுத்தாலும் அது முழு மாற்று அல்ல, அதுவும் விலங்குதான்.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறது. புதிய மருந்துகள் பற்றிய நம் விதிகளில் 2023-இல் செய்த திருத்தம், மருந்துக்கு முந்தைய சோதனைகளில் செல் சார்ந்த முறைகள், உறுப்புச் சில்லு, கணினி மாதிரி ஆகியவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. உங்களைப் போன்ற முதுகலைத் திட்டத்துக்கு உடனே அதனால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் செய்முறை வகுப்பில் நடந்துவிட்டது. தவளை இதயத்தில் மருந்து ஊற்றிப் பார்த்த பாடத்தை இன்று மாணவர்கள் கணினியில் பார்க்கிறார்கள், அதற்கான எக்ஸ்ஃபார்ம் மென்பொருள் புதுச்சேரி ஜிப்மரில் உருவானதுதான்.

இனி 36. “ஏன் ஆறு?” என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் “சார், எல்லாக் கட்டுரையிலும் ஆறுதான்” என்பார்கள். அது பதில் அல்ல. ஆறு சரியா தவறா என்பது, எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தேடுகிறீர்கள், எலிக்கு எலி எவ்வளவு வேறுபடுகிறது என்ற இரண்டையும் பொறுத்தது. உதாரணத்துக்கு, சிகிச்சை தராத எலிகளில் 28-ஆம் நாள் சராசரி 380, திட்ட விலக்கம் 50 என்று வைத்துக்கொள்வோம். சாறு அதை 280-க்குக் கொண்டுவரும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்றால் வித்தியாசம் 100, விலக்கத்தைப் போல இரண்டு மடங்கு. வழக்கமான 5 சதவீதப் பிழை, 80 சதவீதப் பவர், அதாவது இருக்கும் பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, என்ற கணக்கில் குழுவுக்கு ஆறு எலி போதும். சாறு 330-க்குத்தான் இறக்கும் என்றால் வித்தியாசம் விலக்கத்துக்குச் சமம், அப்போது குழுவுக்கு 17 வேண்டும். அந்த நிலையில் ஆறு எலி எடுப்பது கருணை போலத் தெரியும். ஆனால் உண்மையில் இருக்கும் பலனைக் கண்டுபிடிக்காமல் விடவே அதிக வாய்ப்பு, ஆறும் செத்தது மிச்சம். குறைவான எண்ணிக்கை எப்போதும் குறைப்பு அல்ல என்பதைக் குழு உறுப்பினர்களிலேயே சிலருக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. “நாலு போதாதா?” என்று பேரம் பேசுவார்கள். கணக்கு கையில் இருந்தால் நீங்கள் மரியாதையாக மறுக்கலாம்.

திட்ட விலக்கத்துக்கு எங்கே போவது? உங்கள் கல்லூரி அனிமல் ஹவுஸிலேயே சீனியர்கள் செய்த ஆய்வுகளின் மூலத்தரவு இருக்கும், அதுதான் முதல் இடம். அதே கூடம், அதே எலி வகை, அதே தீனி. அது கிடைக்கவில்லை என்றால் வெளியான கட்டுரைகள். ஆனால் அவற்றில் பல பேர் திட்ட விலக்கத்துக்குப் பதில் திட்டப்பிழையைப் போட்டிருப்பார்கள், ஆறு எலிக் குழுவில் அது விலக்கத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும். அதைக் கவனிக்காமல் எடுத்தால் உங்கள் கணக்கே கவிழும். எந்தத் தகவலும் இல்லாதபோது மட்டும், மொத்த எலிகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10-க்கும் 20-க்கும் இடையில் வர வேண்டும் என்ற எளிய விதியைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் 36-இல் 6 போக 30 வருகிறது, அந்த விதிப்படி அதிகம், குழுவுக்கு நாலே போதும் என்று ஆகும். ஆனால் அந்த விதி நீங்கள் தேடும் வித்தியாசத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஆகவே பவர் கணக்குப் போட முடிகிற இடத்தில் இதை வைத்துக் குறைக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

எலிகளை நிஜமாகவே மிச்சப்படுத்தும் இடம் வேறு: குழுக்களின் எண்ணிக்கை. சர்க்கரை இல்லாத எலிக்குச் சாறு மட்டும் கொடுக்கும் ஆறாவது குழு எந்தக் கேள்விக்குப் பதில்? சாறு சாதாரணச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே இறக்குமா என்று பார்க்க என்றால் சரி, எழுதுங்கள். எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதற்காக என்றால் ஆறு எலிகளை விட்டுவிடலாம். அதே மாதிரி நச்சுச் சோதனை. இன்னும் சில விண்ணப்பங்களில் பாதி எலிகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று எழுதுகிறார்கள். அந்தப் பழைய வழிகாட்டு முறையை, சர்வதேசச் சோதனை முறைகளை வகுக்கும் ஓ.இ.சி.டி. அமைப்பு 2002 இறுதியோடு நீக்கிவிட்டது. இப்போதுள்ள 423-ஆம் முறையில் ஒரு படிக்கு மூன்று எலிகள், பெரும்பாலும் பெண் எலிகள். சாறு பாதுகாப்பானது என்று நினைக்கக் காரணம் இருந்தால் கிலோவுக்கு 2000 மில்லிகிராமில் மூன்று, மீண்டும் மூன்று, அதோடு முடிந்தது. ஆவாரம்பூவின் அதே வகைச் சாற்றுக்கு ஏற்கெனவே நம்பகமான நச்சுத் தரவு இருந்தால் அந்த ஆறும் வேண்டாம்.

நேர்மாறாக ஒரு இடத்தில் கூடுதலாகக் கேளுங்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் போட்ட எல்லா எலிக்கும் சர்க்கரை ஏறாது, சில இறந்தும் போகும். நான்கு சர்க்கரைக் குழுவுக்கு 24 வேண்டும் என்றால், உங்கள் கூடத்தின் முன் அனுபவத்தைக் காட்டி எத்தனை கூடுதல் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். கேட்காமல் 24-க்கு மட்டும் அனுமதி வாங்கியவர்கள்தான் பாதி வழியில் ரகசியமாக எலி தேடுகிறார்கள். விலங்குக் கணக்கை எழுதும் ஃபார்ம் டி பதிவேட்டில் எண்ணிக்கை இடிக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த எலி எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வதும், சர்க்கரை அளப்பவருக்கும் திசுவைப் பார்ப்பவருக்கும் குழு தெரியாமல் வைப்பதும் நெறி சார்ந்த விஷயமா, புள்ளியியலா? இரண்டும்தான். பக்கவாத ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இவை இல்லாத விலங்குச் சோதனைகள் பலனை மிகைப்படுத்திக் காட்டுவதைக் கண்டிருக்கிறார்கள். கூண்டுக்குள் கைவிட்டு முதலில் மாட்டிய எலிகளை முதல் குழுவில் போடுவது குலுக்கல் அல்ல. எளிதில் மாட்டுவது மந்தமான எலி. கூண்டு எண், எலி எண் எழுதிக் கணினியில் குலுக்குவோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்றாவது ஆர், செம்மை. என் தொழில் அனுபவம் முழுக்க இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். “சி.பி.சி.எஸ்.இ.ஏ. வழிகாட்டுதலின்படி பராமரிக்கப்படும்” என்று எழுதுவதை விட்டுவிட்டு, ஊசி போடும் நாளிலிருந்து நடப்பதை வரிசையாக எழுதுங்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கரைசலில் சீக்கிரம் சிதைந்துவிடும். பி.எச். 4.5 உள்ள குளிர்ந்த சிட்ரேட் பஃபரில், போடுவதற்குச் சற்று முன்தான் கரைக்க வேண்டும். காலையில் கரைத்து வைத்துக்கொண்டு மதியம் வரை போட்டால் முதல் எலிக்கு முழு அளவு, கடைசி எலிக்கு அதைவிடக் குறைவு. சர்க்கரை ஏறாத எலிகள் கூடும், எலிக்கு எலி வேறுபாடு கூடும், அப்புறம் இன்னும் எலி வேண்டும் என்று வந்து நிற்பீர்கள்.

அன்று இரவுதான் ஆபத்து. பீட்டா செல்கள் உடைந்து சாகும்போது உள்ளே இருந்த இன்சுலின் மொத்தமாக ரத்தத்தில் கொட்டும். சர்க்கரை ஏறுவதற்கு முன் அபாயமாகக் கீழே விழும். மறுநாள் காலை கூண்டில் விறைத்துக் கிடக்கும் எலிகள் பெரும்பாலும் இதனால் செத்தவை. முதல் 24 மணி நேரத்துக்கு 5 அல்லது 10 சதவீதக் குளுக்கோஸ் தண்ணீர் வைப்பது இதற்குத்தான். மூன்றாம் நாள் சர்க்கரை அளந்து, 250-க்கு மேல் இருப்பவற்றை எடுத்துக்கொள்வது வழக்கம்.

அதன் பிறகு தண்ணீர். 250 கிராம் எலி சாதாரணமாக ஒரு நாளைக்கு 25 மில்லி அளவில் குடிக்கும். நல்ல சர்க்கரை ஏறிய எலி நூறைத் தாண்டும். கூண்டுக்கு மூன்று எலி, ஒரு 250 மில்லி பாட்டில் என்றால் நள்ளிரவிலேயே காலி. காலை வரை மூன்றும் தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். இது கொடுமை மட்டுமல்ல, காலையில் எடுக்கும் ரத்தத்தின் அளவீடுகளையும் குழப்பிவிடும். இரண்டு பாட்டில் வைப்போம் என்று எழுதுங்கள். குடித்ததெல்லாம் வெளியே வரும் என்பதால் உமி ஒரே நாளில் சொதசொதவென்று ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டு முறை மாற்றும் வழக்கம் இந்தக் கூண்டுகளுக்குச் செல்லாது, தினமும் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் மாற்றுவார் என்று நான் கேட்பேன். பெயர் வேண்டும்.

ரத்தம் எடுப்பது அடுத்தது. சர்க்கரை மட்டும் பார்க்க வால் நுனியில் ஒரு சொட்டும் குளூக்கோமீட்டரும் போதும், கண்ணுக்குப் பின்னால் குத்த வேண்டிய அவசியமே இல்லை. கூடுதலாக வேண்டும் என்றால் அளவைக் கணக்கிட்டுக் காட்டுங்கள். எலியின் உடலில் கிலோவுக்குச் சுமார் 64 மில்லி ரத்தம், 250 கிராம் எலிக்கு 16 மில்லி. ஒரே தடவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 1.6 மில்லிக்கு மேல், எடுக்கக் கூடாது. வாரா வாரம் 2 மில்லி என்று எழுதிய விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. எழுதியவருக்கு அது சின்ன அளவாகத் தெரிந்திருக்கும். “லேசான ஈதர் மயக்கத்தில்” என்ற வரியையும் பழைய தீசிஸிலிருந்து நகலெடுக்காதீர்கள். ஈதர் மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தும், தீப்பற்றும், வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன.

எப்போது நிறுத்துவீர்கள் என்பதுதான் நான் முதலில் தேடும் வரி. சிகிச்சை தராத சர்க்கரைக் குழுவின் எலிகள் நாளுக்கு நாள் மெலியும். தொடக்க எடையில் 20 சதவீதம் குறைந்தால், அல்லது கூன் விழுந்து, முடி சிலிர்த்து, அசையாமல் உட்கார்ந்துவிட்டால் 28-ஆம் நாள் வரை காத்திருக்காமல் அன்றே வலியில்லாமல் கொன்றுவிட வேண்டும். எலியின் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் சிவப்பாகப் படிவதை ரத்தம் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அது கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி, எலி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. தினம் பார்ப்பவர் இந்தக் குறிகளை ஒரு அட்டையில் டிக் செய்ய வேண்டும், முடிவெடுப்பவர் யார் என்றும் அதில் இருக்க வேண்டும். அது நீங்களாக இல்லாமல் கால்நடை மருத்துவராக இருப்பது நல்லது. தீசிஸ் முடிய நாலு நாள் இருக்கும்போது நீங்கள் அந்த எலியை வேறு கண்ணோடுதான் பார்ப்பீர்கள், மனித இயல்பு அது.

மூன்று ஆர்களும் ஒன்றையொன்று இடிக்கும் இடங்கள் உண்டு. ஒரே எலியிலிருந்து நாலு வாரமும் ரத்தம் எடுத்தால் எலிகள் குறையும், ஆனால் அந்த ஒரு எலி படும் பாடு கூடும். வாரத்துக்கு ஒரு தொகுதியைக் கொன்று பார்த்தால் நேர்மாறு. இதற்கு எல்லாக் குழுவும் ஒப்புக்கொண்ட சூத்திரம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் போட்ட விதிப்படி ஒவ்வொரு சோதனையையும் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று முன்கூட்டியே தரம் பிரித்து, கிடைக்கும் பலனோடு நிறுத்துப் பார்க்கிறார்கள். அதிலும் பலனை எப்படி நிறுப்பது என்பதில் சண்டை ஓயவில்லை. என் சாய்வு தனி எலியின் பக்கம்: ஒன்று தாங்கக்கூடிய அளவைத் தாண்டாமல் இருக்க இரண்டு எலி கூடினாலும் பரவாயில்லை. உங்கள் குழுவில் வேறு மாதிரி நினைப்பவர் இருக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, இந்த இடிப்பைக் கண்டீர்கள், இன்ன காரணத்தால் இந்தப் பக்கம் போனீர்கள் என்று இரண்டு வரி எழுதுவது.

குழுக்களின் குறையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சடங்கா என்று கேட்டதால். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதே கல்லூரிக்காரர்கள், உங்கள் கைடின் பக்கத்து அறைக்காரர்கள். ஒரே பிற்பகலில் இருபது முப்பது விண்ணப்பம் வந்தால் கடைசி ஐந்துக்குக் கிடைக்கும் கவனம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. பல இடங்களில் முதல் ஆரை மேலோட்டமாகக் கேட்டுவிட்டு, கூண்டு அளவிலும் எண்ணிக்கையிலும் நேரத்தைச் செலவிடுவார்கள். அனுமதித்த ஆய்வு முடிந்த பிறகு, எத்தனை எலி இறந்தது, எதிர்பார்த்த வித்தியாசம் வந்ததா என்று திரும்பிப் பார்ப்பது அரிது. அப்படிப் பார்த்தால் அடுத்த மாணவருக்கு உண்மையான திட்ட விலக்கமும் இறப்பு விகிதமும் கிடைக்கும். விஞ்ஞானி அல்லாத உறுப்பினர்தான் சில சமயம் மேசையிலேயே நல்ல கேள்வியைக் கேட்கிறார். ஒருமுறை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், “இது பலிக்கவில்லை என்று வந்தால் அதையும் வெளியிடுவீர்களா தம்பி?” என்றார். மாணவனிடம் பதில் இல்லை, கைடிடமும் இல்லை.

மறுபடி சமர்ப்பிக்கும்போது, குழு எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாள் சேர்த்து அனுப்புங்கள். அனுமதி எண் வருவதற்கு முன் ஒரு எலிக்கும் ஒரு சொட்டும் போடாதீர்கள். பின்தேதியிட்டு அனுமதி கொடுக்க எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை, ஆய்விதழ்களும் அந்த எண்ணைக் கேட்கும். எலிகளுக்கு இப்போதே ஆர்டரும் கொடுக்காதீர்கள். 180 கிராமில் வாங்கிய எலி அடுத்த கூட்டம் கூடுவதற்குள் 300 கிராம் ஆகிவிடும், நீங்கள் படிவத்தில் கேட்ட எடைக்கு வெளியே போய்விடும், அவற்றை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. தேதி உறுதியான பிறகு, கூடத்துக்குப் பழக ஒரு வாரம் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள்.